காலி ரூமா, கோ-வொர்க்கிங் டெஸ்க்கா: ஒரு மடிப்பாக்கத்துக் கணக்கு

கேள்வி: "மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வாடகை வீடு, வாடகை 22,000. நான், மனைவி, யுகேஜி படிக்கும் பையன். ஒரு ரூம் சும்மா கிடக்கிறது. அடுத்த மாதம் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸாக வெப்சைட் வேலை எடுக்கப்போகிறேன். மாதம் ஒரு லட்சம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். பெருங்குடியில் ஒரு கோ-வொர்க்கிங்கில் டெஸ்க்குக்கு மாதம் 6,500 பிளஸ் ஜிஎஸ்டி கேட்கிறார்கள், டே பாஸ் என்றால் 500 பிளஸ் ஜிஎஸ்டி. 'வீட்டு ரூமும் ஓசி இல்லை, வாடகையில் மூன்றில் ஒரு பங்கை அதற்குப் போடு' என்கிறான் நண்பன். கரன்ட் பில் இப்போது இரண்டு மாதத்துக்கு 420 யூனிட், 1,300 ரூபாய். வீட்டில் இருந்தால் பையனின் டே-கேர் 4,500 மிச்சமாகும் என்றும் ஒரு யோசனை. எல்லாச் செலவையும் போட்டுப் பார்த்தால் எது சரி?"

பதில்:

உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் வீட்டு ரூமுக்கு மாதம் சுமார் 2,000 ஆகும். கோ-வொர்க்கிங் டெஸ்க்குக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு சொச்சம் ஆகும், 6,500 இல்லை, ஜிஎஸ்டி சேர்த்த 7,670-உம் இல்லை. மாதக் கணக்கில் டெஸ்க் எடுக்க வேண்டாம். வீட்டிலேயே உட்காருங்கள், தேவைப்படும் நாட்களுக்கு டே பாஸ் வாங்குங்கள் என்பதுதான் என் பதில். இந்த எண்கள் எப்படி வந்தன என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் ஒரு விஷயம் மாறினாலும் பதில் மாறிவிடலாம்.

முதலில் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். 22,000-இல் மூன்றில் ஒரு பங்கு 7,300. அதை வீட்டுப் பக்கம் ஏற்றினால் ரூமும் டெஸ்க்கும் கிட்டத்தட்ட சமமாகத் தெரியும், "எப்படியும் அதே செலவுதானே" என்று டெஸ்க்கை எடுத்துவிடுவீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பெருங்குடியில் டெஸ்க் எடுத்தால் ஹவுஸ் ஓனர் உங்கள் வாடகையில் 7,300 குறைப்பாரா? மாட்டார். முதல் தேதி அதே 22,000 அக்கவுன்ட்டிலிருந்து போகும். அதனால் இந்த முடிவுக்கு அந்த ரூமின் வாடகை பூஜ்ஜியம். இந்த முடிவால் எந்தப் பணம் கூடுகிறதோ குறைகிறதோ அதை மட்டும்தான் எழுத வேண்டும். எப்படியும் போகிற பணத்தை இரண்டு பக்கமும் எழுதாதீர்கள்.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. டெஸ்க் எடுத்தால் இந்த வீட்டை விட்டு ஒரு பெட்ரூம் வீட்டுக்கு, ஒரு பேச்சுக்கு 15,000 வாடகைக்கு, நிஜமாகவே போய்விடுவீர்கள் என்றால் அந்த ரூமுக்கு உடனே 7,000 ரூபாய் விலை வந்துவிடும். கணக்கு தலைகீழாகாது, ஆனால் வித்தியாசம் ஆயிரம் ரெண்டாயிரத்துக்குள் வந்து நிற்கும். யுகேஜி பையனை வைத்துக்கொண்டு ஒரு பெட்ரூமுக்கு இறங்குவீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் இறங்க மாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதையே திருப்பியும் பார்க்கலாம்: ஒரு பெட்ரூம் வீட்டில் இருப்பவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகவே இரண்டு பெட்ரூமுக்கு மாறுகிறார் என்றால், அவருக்கு அந்த 7,000 முழுச் செலவு. அவர் டெஸ்க் எடுப்பதில் தப்பே இல்லை.

நண்பர் அந்த மூன்றில் ஒரு பங்கை எங்கே பிடித்தார் என்றும் ஊகிக்க முடிகிறது. கணக்குப் புத்தகம் எழுதி வரி கட்டுபவர்கள் வீட்டில் தொழிலுக்குப் பயன்படும் பகுதியின் வாடகையைச் செலவாகக் காட்டுவார்கள். அது வருமான வரிக்கான கணக்கு. எங்கே உட்காருவது என்று முடிவெடுக்கிற கணக்கு இல்லை.

இனி வீட்டுச் செலவு. இதில் எல்லோரும் தப்புப் போடும் இடம் கரன்ட் பில்.

420 யூனிட்டுக்கு 1,300 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு மூன்று ரூபாய் சொச்சம் என்று மனசுக்குள் ஒரு விலை பதிந்துவிடும். புதிதாகக் கூடும் யூனிட்டுக்கும் அதே விலை என்று நினைத்துப் பெருக்கிவிடுவோம். நம் ஊர் மின்கட்டணம் அப்படி வேலை செய்வதில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 இரண்டு ரூபாய் சொச்சம், 201-இலிருந்து 400 வரை ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. நீங்கள் இந்த மலிவான படிகளையெல்லாம் மிக்ஸி, ஃப்ரிட்ஜ், ராத்திரி ஃபேன் என்று ஏற்கெனவே தீர்த்துவிட்டீர்கள். இனி ரூமில் எரியப்போகும் ஒவ்வொரு யூனிட்டும் மேல்படியில்தான் போய் உட்காரும்: 500 வரை ஆறு ரூபாய் சொச்சம், அதற்கு மேல் 600 வரை எட்டு சொச்சம், 600-ஐத் தாண்டினால் ஒன்பது சொச்சம். 2024 ஜூலையில் உயர்த்திய கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன்.

போதாததற்கு 500-ஆவது யூனிட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. மொத்தம் 500-க்குள் இருந்தால்தான் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு அந்த இரண்டு ரூபாய் சலுகை. 501 ஆனால் அந்த நூறும் ஐந்து ரூபாய் பக்கம் ஏறிவிடும். ஒரே ஒரு யூனிட் தாண்டியதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். "இந்தத் தடவை ரீடிங் தப்பாக எடுத்துவிட்டார்கள்" என்று என்னிடம் பில்லைக் காட்டியவர்களில் பாதிப்பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்தான்.

உங்கள் ரூமுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். லேப்டாப், மானிட்டர், மோடம் எல்லாம் சேர்த்து இன்னொரு 0.6. ட்யூப் லைட் 0.2. ஆக ஒரு நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குள். மாதம் 22 வேலை நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். 420 என்பது 480 ஆகும், பில் 380 ரூபாய் போலக் கூடும். மாதத்துக்கு 190. பயப்பட ஒன்றுமில்லை, 500-க்குள்ளேயே நிற்கிறோம்.

ஏசி போட்டதும் கதை மாறும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மடிப்பாக்கத்து மே மாத மதியத்தில், மேலே இன்னொரு மாடி உள்ள வீட்டில், எட்டு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் மேலே மொட்டை மாடி என்றால் இன்னும் கூடும். 44 நாளுக்கு 220 யூனிட். ஃபேனும் லேப்டாப்பும் சேர்த்தால் 280. 420 என்பது 700 ஆகிறது. மூன்று ரூபாய் மேனிக்குப் போட்டால் 840 ரூபாய்தான் கூட வேண்டும். நிஜத்தில் 1,300 ரூபாய் பில் 3,800-ஐத் தாண்டும். அதாவது கூடுதல் 2,500, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கணக்கு.

வருடத்துக்கு ஆறு பில். மூன்றில் ஏசி, மூன்றில் வெறும் ஃபேன் என்று வைத்தால் 7,500-உம் 1,140-உம் சேர்ந்து 8,640, மாதச் சராசரி 720. இந்த 720-ஐத்தான் எழுத வேண்டும், ஜனவரி பில்லைப் பார்த்து 190-ஐயும் இல்லை, ஜூன் பில்லைப் பார்த்து 1,250-ஐயும் இல்லை.

இங்கே இரண்டு விஷயம் சரிபாருங்கள். ஒன்று, உங்களுக்குத் தனி மீட்டரா, ஓனர் போட்ட சப்-மீட்டரா? சப்-மீட்டர் என்றால் அவர் யூனிட்டுக்கு எட்டோ பத்தோ என்று ஒரே விலை வாங்குவார். அப்போது படிக்கணக்கே கிடையாது, 280 யூனிட்டை அந்த விலையால் பெருக்கினால் முடிந்தது. நீங்கள் சொன்ன 420 யூனிட்டும் 1,300 ரூபாயும் படிக்கட்டணத்தோடு ஒத்துப்போவதால் தனி மீட்டர் என்றே நினைக்கிறேன். இரண்டாவது, ஏசி எத்தனை இழுக்கிறது என்று என் ஐந்து யூனிட்டை நம்ப வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாள் காலை பத்து மணிக்கு மீட்டரில் `kWh` என்று வரும் எண்ணை போனில் படம் எடுங்கள், ரூமில் உட்கார்ந்து வேலை பாருங்கள், ஆறு மணிக்கு இன்னொரு படம். கழித்தால் அந்த ரூமும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து தின்றது தெரியும். ஃப்ரிட்ஜுக்கு அரை யூனிட் கழித்துவிடுங்கள். ஏசி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் உள்ள வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது. அதை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று வரும், ஆனால் நம் மே மாதத்துக்கு அது கொஞ்சம் குறைவான மதிப்பு.

"தொழில் செய்கிறாய், கமர்ஷியல் இணைப்புக்கு மாற்று" என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். தொழில்முறை ஆட்கள் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் வைத்திருக்கும் ஆலோசனை அறையே வீட்டுக் கட்டணத்தில்தான் வருகிறது. லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்ப்பவரை யாரும் கேட்கப்போவதில்லை.

கரன்ட்டுக்கு அடுத்து இன்டர்நெட். ஏற்கெனவே இருக்கும் ஃபைபர் லைனை எழுத வேண்டாம், டெஸ்க் எடுத்தாலும் அதை வெட்டப்போவதில்லை. வாடகைக்குச் சொன்ன அதே நியாயம். எழுத வேண்டியது மாற்று ஏற்பாட்டின் செலவு. அதற்கு இன்னொரு ஃபைபர் லைன் எடுக்காதீர்கள். நான் எடுத்து ஏமாந்திருக்கிறேன். இரண்டு வேறு கம்பெனி, ஆனால் தெருவில் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மழைநீர் வடிகாலுக்குத் தோண்ட வந்த ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் இழுத்துவிட்டது, மூன்று நாள் இரண்டு லைனுக்கும் பணம் கட்டிக்கொண்டு நெட் இல்லாமல் இருந்தேன். உங்கள் பக்கம் இப்போது மெட்ரோ வேலையும் நடக்கிறது, தோண்டுவதற்குப் பஞ்சமே இல்லை. வேறு கம்பெனியின் சிம் ஒன்று, டேட்டா பேக்கோடு, மாதம் 350. அது போதும்.

கரன்ட் போனால்? லேப்டாப் தாங்கும், மோடம்தான் தாங்காது. மோடத்துக்கென்றே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் 1,500 ரூபாய் போல வரும். இதற்காகப் போய் பெரிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க வேண்டாம். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை நிறுத்தும் நாள் வந்தால் அன்றைக்கு மட்டும் டே பாஸ், 590 ரூபாய். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், திட்டமிடலாம்.

நாற்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டைனிங் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறே மாதத்தில் ஃபிசியோதெரபிக்கு அழுவீர்கள். நாற்காலிக்கு 9,000, டேபிளுக்கு 6,000 என்று வைத்து நான்கு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 310, குட்டி யூபிஎஸ்ஸை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் 40. ஆக வீட்டுப் பக்கம் 720, 350, 350, ஒரு டே பாஸ் 590. கூட்டினால் 2,010.

டெஸ்க் பக்கம் வருவோம். 6,500-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,170, ஆக 7,670. வருடம் 20 லட்சத்துக்குள் வருமானம் என்றால் சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. உங்களுக்கு 12 லட்சம்தான். பதிவு இல்லையென்றால் அந்த 1,170-ஐ எங்கேயும் திரும்ப எடுக்க முடியாது, முழுக்க உங்கள் செலவு. பதிவு வைத்திருப்பவர் தன் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வார், அவருக்கு டெஸ்க் விலை 6,500-தான். கோ-வொர்க்கிங்கில் பக்கத்து சீட்காரர் "ஜிஎஸ்டியை விடுங்க பாஸ், அது திரும்ப வந்துடும்" என்றால் அவர் கதை வேறு, உங்கள் கதை வேறு. 1,170-க்காக மட்டும் பதிவு எடுக்கவும் கூடாது. ரிட்டர்ன் போட ஆடிட்டருக்குக் கொடுப்பது அதைத் தின்றுவிடும், கஸ்டமர் பில்லிலும் 18 சதவீதம் ஏற்ற வேண்டி வரும்.

வருமான வரியில் மிச்சமாகுமே என்றும் சொல்வார்கள். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் 44ஏடிஏ என்று பழகிய உத்தேச வருமான முறையில்தான் போவார்கள், வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டுவது. அதில் டெஸ்க் வாடகை 7,670 கொடுத்தாலும் பூஜ்ஜியம் கொடுத்தாலும் அதே பாதிதான். டெஸ்க் பில்லால் ஒரு ரூபாய் வரி குறையாது.

அடுத்து பைக். மடிப்பாக்கத்திலிருந்து பெருங்குடி ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால் போக வர 14, மாதம் 308. லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டியில் ஏழு லிட்டர், சுமார் 700 ரூபாய். சர்வீஸ், டயர், செயின் என்று கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் போடுங்கள், மொத்தம் 1,000. பார்க்கிங் தனியென்றால் ஒரு 400.

சாப்பாட்டை யாரும் எழுதுவதில்லை. டப்பா கட்டிக்கொண்டு போவேன் என்பீர்கள், முதல் மாதம் போவீர்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் எல்லோரோடும் கீழே போய் 120 ரூபாய் மீல்ஸ். மெஷின் காபி இலவசம்தான், ஆனால் அதைக் குடிக்க முடியாமல் தெருமுனை டீக்கடைக்கு இறங்குவதுதான் நடக்கும். அங்கே ஒரு நாளைக்கு 25 ரூபாய். மாதம் 1,500 என்று நான் போடுவது குறைவுதான்.

7,670, 1,000, 400, 1,500. கூட்டினால் 10,570. வீட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் மாதம் 8,560, வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். ஏசி கணக்கைப் பார்த்துப் பயந்திருந்தால் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். ஏசி ஓடும் மாதத்தில்கூட வீட்டில் ஒரு வேலை நாளின் கரன்ட் 57 ரூபாய்தான் (2,500-ஐ 44 நாளால் வகுங்கள்). டே பாஸ் 590.

அட்வான்ஸை நான் எழுதவில்லை. இரண்டு மாத வாடகை 13,000 முடங்குவதால் போகும் வட்டி மாதம் எழுபது எண்பது ரூபாய்தான். நஷ்டம் வருவது வட்டியில் இல்லை, வெளியே வரும்போது. நான் இருந்த ஓர் இடத்தில் ஆறு மாத லாக்-இன், அதற்குப் பிறகு ஒரு மாத நோட்டீஸ். நோட்டீஸை மெயிலில்தான் கொடுக்க வேண்டும் என்று அக்ரிமென்ட்டின் நான்காம் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு மாத வாடகையையும், சுத்தம் செய்த வகையில் ஆயிரத்தையும் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும் முன் ஏசி எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். அமெரிக்க கஸ்டமரோடு ராத்திரி எட்டு மணிக்கு கால் என்றால், ஏழு மணிக்கு ஏசியை அணைக்கும் இடத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். மீட்டிங் ரூம் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் சும்மா, அதற்கு மேல் எவ்வளவு என்பதும் முக்கியம். ஓப்பன் ஹாலில் நடுவில் உட்கார்ந்து கஸ்டமரிடம் பணம் கேட்டுப் பேச முடியாது.

இன்னொன்று, 22 நாள் போவோம் என்பதே ஒரு கற்பனை. என் ஆக்சஸ் கார்டின் வருகைப் பட்டியலை ஒரு தடவை கவுன்டரில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் மாதம் 19 நாள், இரண்டாவது 12, மூன்றாவது 9. மழை, காய்ச்சல், உறவுக்காரர் கல்யாணம், "இன்றைக்கு வீட்டிலேயே முடித்துவிடலாம்" என்று ஒரு சோம்பல். உங்கள் இடத்தில் 7,670-ஐ டே பாஸ் விலை 590-ஆல் வகுத்தால் 13. மாதம் 13 நாளுக்கு மேல் நிஜமாகப் போனால்தான் மாத டெஸ்க் லாபம். அதற்குக் கீழே ஒவ்வொரு மாதமும் டே பாஸ்தான் மலிவு, லாக்-இன்னும் கிடையாது. ஒரே குறை, மானிட்டரை அங்கே விட்டுவிட்டு வர முடியாது.

சரி, டே-கேர். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது இதுதான். 4,500 மிச்சம் என்று வீட்டுப் பக்கம் எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். ஒரு லட்சத்தை 22 நாள், எட்டு மணி நேரத்தால் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 570 ரூபாய் போல. பையன் மூன்று மணிக்கு வந்து ஆறு மணி வரை உங்களோடு இருக்கிறான் என்றால் அந்த மூன்று மணி நேரமும் வேலை நடக்காது. யுகேஜி பையனை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு கோடிங் செய்துவிடலாம் என்பவர்கள் யுகேஜி பையனை வளர்த்ததில்லை. மாதம் 66 மணி நேரம், 37,000 ரூபாய்க்கு மேல். 4,500-ஐ மிச்சம் பிடிக்க இவ்வளவு போகும். மதியம் அவனோடு இருக்க ஆசை என்றால் அது நல்ல ஆசை, தாராளமாக இருங்கள், வேலையை ராத்திரிக்குத் தள்ளுங்கள். ஆனால் அதைச் சிக்கனம் என்று எழுத வேண்டாம். எங்கே உட்கார்ந்தாலும் டே-கேர் தொடரட்டும், இரண்டு பக்கமும் அதைச் சேர்க்க வேண்டாம்.

இதே 570-ஐ வைத்து டெஸ்க்கையும் நியாயமாக நிறுத்துப் பார்க்கலாம். வித்தியாசம் 8,560, அதாவது 15 மணி நேர வேலை, ஒரு நாளுக்கு 41 நிமிடம். போக வர 50 நிமிடம் டிராஃபிக்கில் போகும் என்று வைத்தால், வீட்டில் இருப்பதைவிட அங்கே தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வேலை ஓடினால்தான் டெஸ்க் தன் காசைத் திருப்பிக் கொடுக்கும். சிலருக்கு ஓடும். கதவே இல்லாத ஹால் மூலையில், பக்கத்து வீட்டு டிரில்லிங்கோடு உட்காருபவருக்கு இரண்டு மணி நேரமே வீணாகும், அவர் பெருங்குடிக்குப் போவதே நல்லது. உங்களுக்குக் கதவு உள்ள தனி ரூம் இருக்கிறது, பகலில் வீட்டில் யாரும் இல்லை. உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் வீணாகாது என்பது என் ஊகம்.

ஊகம் வேண்டாம் என்றால் வேலையை விட்ட முதல் இரண்டு வாரத்தில் சோதித்துவிடலாம். முதல் வாரம் ஐந்து நாளும் ரூமில், அடுத்த வாரம் ஐந்து நாளும் டே பாஸில், செலவு 2,950. தினமும் ராத்திரி, கஸ்டமருக்கு பில் போடக்கூடிய மணி நேரத்தை மட்டும் எழுதுங்கள். மெயில் பார்த்தது, டீ குடித்தது எல்லாம் சேராது. புது இடத்துக்குப் போன உற்சாகத்தில் முதல் இரண்டு நாள் எண் ஏறித்தான் இருக்கும், கடைசி மூன்று நாளைப் பாருங்கள். அந்த மூன்று நாளில் சராசரி ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வந்தால் என் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டெஸ்க்குக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

வரவில்லையென்றால் ரூம்தான். மாதம் நான்கு டே பாஸுக்குக் கூடுதலாக 2,400 ஒதுக்குங்கள், மனிதர்களைப் பார்க்கவும் கஸ்டமரைச் சந்திக்கவும் அது போதும். அப்போதும் மொத்தம் 4,500-க்குள்தான் நிற்கும். மே மாதம் மட்டும் விதிவிலக்கு: ஸ்கூல் லீவு, பையன் வீட்டில், தெருப் பிள்ளைகள் எல்லாம் உங்கள் ரூம் கதவுக்கு வெளியே. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் டெஸ்க் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள், ஏப்ரல் கடைசியில் போய்க் கேட்டால் எல்லா அப்பாக்களும் அங்கே நிற்பார்கள்.

அப்புறம், அந்தச் சின்ன ரூமின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது? மேற்கு என்றால் டேபிள் வாங்கும் முன் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள். மூன்று மணிக்கு மேல் ஏசி இழுக்கும் யூனிட் அதில்தான் குறையும்.